கித்துல்கலைக்கு மேலே பெற்றோல் கிடைக்காத எஞ்சின்

கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் அவிசாவளை வரைக்கும் வண்டியில் ஒரு குறையும் காணமாட்டார்கள். எட்டியாந்தோட்டை தாண்டி, கித்துல்கலையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு கினிகத்தேனை ஏற்றத்தைப் பிடிக்கிறபோதுதான் விஷயம் தெரியும். இரண்டாம் கியரில் இரண்டு மூன்று நிமிடம் இழுக்கும். பிறகு மூச்சு முட்டியது போல் திணறி நின்றுவிடும். ஓரமாக ஐந்து நிமிடம் நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகும், திரும்ப இரண்டு மூன்று நிமிடத்தில் நிற்கும். பலர் இதை எஞ்சின் சூடு என்றோ பிளக் கோளாறு என்றோ நினைத்து பிளக்கை மாற்றுகிறார்கள். நின்ற பிறகு ஆறினால் ஓடுவதால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் எஞ்சின் ஆறுவதோடு, பெற்றோல் தேங்கும் காபரேட்டர் கிண்ணமும் நிரம்புகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டரில், லீட்டருக்கு 50 ஓடும் 125 சிசி வண்டிக்கு நிமிடத்துக்குச் சுமார் 13 மில்லிலீட்டர் பெற்றோல் போதும். ஏற்றத்தில் மணிக்கு 30இல், லீட்டருக்கு 20 மட்டுமே ஓடினால் தேவை 25 மில்லிலீட்டர். டாங்குக்கு அடியிலுள்ள பெற்றோல் டெப் அழுக்கு அடைத்து 15 மில்லிலீட்டர்தான் விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பு முதல் அவிசாவளை வரை அது தாராளம். ஏற்றத்திலோ நிமிடத்துக்கு 10 மில்லிலீட்டர் பற்றாக்குறை. கிண்ணத்தில் எடுக்கக்கூடியது 30 மில்லிலீட்டர் என்றால் மூன்று நிமிடத்தில் தீரும்.

வக்கியூம் டெப் உள்ள வண்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. எஞ்சின் உறிஞ்சும் காற்று ஒரு மெல்லிய ஹோஸ் வழியாக டெப்பின் றப்பர் டயப்பிரமை இழுத்தால்தான் பெற்றோல் வழி திறக்கும். அக்சிலரேட்டரை முழுதாகத் திருகும்போது அந்த உறிஞ்சல் குறைந்துவிடும். நல்ல டயப்பிரம் அதையும் தாங்கும். காய்ந்து விறைத்ததோ, ஹோஸ் வெடித்ததோ என்றால், பெற்றோல் அதிகம் வேண்டிய அந்த நேரத்திலேயே டெப் மூடிக்கொள்ளும்.

எது காரணம் என்று வீதியோரத்திலேயே பிரித்தறியலாம். முதலில் டாங்க் மூடியைத் திறவுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டால், மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. அப்படி இல்லையென்றால் டெப்பைப் பிறைமில் வையுங்கள். பிறைமில் வக்கியூம் தேவையில்லை, வழி நேராகத் திறந்திருக்கும். அந்த நிலையில் ஏற்றத்தை நிற்காமல் ஏறினால் குறை டயப்பிரமிலோ ஹோஸிலோதான். பிறைமிலும் நின்றால் டெப்பின் வலையோ பில்டரோ அடைபட்டிருக்கிறது. பிறைமில் வைத்து ஹட்டன் வரை போய்ச் சேரலாம், ஆனால் ரிசேவ் என்ற எச்சரிக்கை கிடைக்காது. வண்டியை நிறுத்தும்போது டெப்பைக் கட்டாயம் 'ஒன்' நிலைக்குத் திருப்ப வேண்டும். மறந்தால், காபரேட்டரின் ஊசி வால்வ் கொஞ்சம் கசிந்தாலும் இரவோடிரவாகப் பெற்றோல் எஞ்சினுக்குள் இறங்கி ஒயிலோடு கலந்துவிடும்.

கொழும்புக்குத் திரும்பியதும் செய்ய வேண்டியது இது. காற்றோட்டமான இடத்தில், நெருப்பில்லாமல், எஞ்சின் ஆறிய பிறகு பெற்றோலைக் கானில் வடித்து எடுத்து, டெப்பின் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றுங்கள். டாங்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வலையில் செங்கல் நிறத் துரு களி போல் அப்பியிருக்கும். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் மாதக்கணக்கில் பாதி டாங்கோடு நின்ற வண்டிகளில் இதை அதிகம் எதிர்பார்க்கலாம். வலையை மென்மையான பல் துலக்கும் பிரஷால் பெற்றோலில் கழுவினால் போதும். ஊசியால் குத்தினால் கிழியும். டாங்குக்குள் துரு இருந்தால் அதையும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பயணத்திலேயே வலை மீண்டும் அடைபடும்.

டயப்பிரமைப் பார்க்க, பாமசியில் வாங்கும் 50 மில்லிலீட்டர் சிரிஞ்சை வக்கியூம் ஹோஸில் செருகி இழுத்து அரை நிமிடம் பிடியுங்கள். கையை விட்டதும் தண்டு தானாக உள்ளே ஓடாமல் அங்கேயே நின்றால் எங்கோ காற்றுக் கசிகிறது. ஹோஸுக்குள் பெற்றோல் ஈரம் இருந்தால் டயப்பிரம் கிழிந்தேவிட்டது. வாயால் உறிஞ்சிப் பார்க்காதீர்கள், பெற்றோல் தொண்டைக்குப் போய்விடும். பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழைய டெப்பைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது நல்லது. போல்ட் இடைவெளி ஒத்துவந்தாலும் ஹோஸ் முனை திரும்பியிருக்கும் பக்கம் மாறிவிடும்.

கடைசியில், டெப்புக்கும் காபரேட்டருக்கும் இடையில் கூடுதலாகக் காகித பில்டர் போட்டிருந்தால் அதைக் கழற்றிவிடுவதே மேல் என்பது என் கருத்து. பம்ப் உள்ள வண்டிக்கான பில்டர் அது. வெறும் ஈர்ப்பு விசையில் இறங்கும் பெற்றோலை அது மட்டுப்படுத்தும், ஹோஸ் மேல்நோக்கி வளைந்திருந்தால் காற்றும் சிறைப்படும். எல்லாம் பூட்டியபின் காபரேட்டர் பக்க ஹோஸைக் கழற்றிப் பிறைமில் ஒரு போத்தலில் விட்டு நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று அளந்து பாருங்கள். 25 மில்லிலீட்டர் வந்தாலும் திருப்திப்படாதீர்கள். டாங்க் கால்வாசியாக இருக்கும்போதும் 100க்கு மேல், அறுபடாத தாரையாக விழ வேண்டும்.