12-லிருந்து 5-க்கு இறங்கிய என் ஏடிஆர் அசைன்மென்ட்

பார்ம்.டி நான்காம் ஆண்டில் தோல் ஓபியில் போஸ்டிங் போட்டிருந்தபோது எழுதிய அசைன்மென்ட் இது. மருந்தால் வந்த பக்கவிளைவு, அதாவது ஏடிஆர், ஒன்றைப் பிடித்து, கேஸாக எழுதி, அது அந்த மருந்தால்தான் வந்ததா என்று மதிப்பிட்டுக் கொடுக்க வேண்டும். நரஞ்சோ அளவுகோல் இருக்கிறது, பத்துக் கேள்வி, கூட்டிப் போட்டால் முடிந்தது என்று நினைத்தேன். கூட்டல் மட்டும்தான் சரியாக வந்தது. (நோயாளியின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நோயாளி 42 வயது, மீன் மார்க்கெட்டில் லோடு இறக்குபவர். கீழுதட்டில் கருஞ்சிவப்பாக ஒரு புண், வலது மணிக்கட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக, விளிம்பு தெளிவாகத் தெரியும் ஒரு கருஞ்சிவப்புத் திட்டு, அதன் நடுவில் சின்னக் கொப்புளம். வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் வாங்கிப் போட்ட மாத்திரைக்குப் பிறகு வந்தது என்றார். டாக்டர் பார்த்த மாத்திரத்தில் ஃபிக்ஸட் டிரக் எரப்ஷன் என்று ஓபி சீட்டில் எழுதிவிட்டார். ஒவ்வாத மருந்தை எப்போது போட்டாலும் உடம்பில் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் திட்டு அது. ஆறினாலும் அந்த இடம் கறுத்தே நிற்கும்.

அட்டையைப் பார்த்தேன். ஆஃப்லாக்சசின் 200 மில்லிகிராம், ஆர்னிடசோல் 500 மில்லிகிராம், இரண்டும் ஒரே மாத்திரையில். கூடவே உடம்பு வலிக்கு ஒரு பாரசிட்டமால். அன்று சாயங்காலமே ஹாஸ்டலில் உட்கார்ந்து, சந்தேக மருந்து என்ற இடத்தில் "ஆஃப்லாக்சசின் + ஆர்னிடசோல்" என்று ஒரே வரியாக எழுதி நரஞ்சோவை நிரப்பினேன். 12 வந்தது. அதில் எடுக்கக்கூடிய அதிகபட்சமே 13. 9-ஐத் தொட்டாலே "உறுதி" என்று அர்த்தம். எனக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் சார் அதைப் பார்த்துவிட்டு மதிப்பெண் பக்கம் போகவே இல்லை. "மாத்திரை போட்டது எப்போ, எரிச்சல் வந்தது எப்போ?" என்றார். வெள்ளி இரவு, சனிக்கிழமை காலை என்றேன். "காலைன்னா எத்தனை மணி?"

அது என்னிடம் இல்லை. நல்லவேளையாக ஓபி சீட்டிலிருந்து போன் நம்பரைக் குறித்து வைத்திருந்தேன். எத்தனை மணி என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. அதனால் அவருடைய வேலையை வைத்துக் கேட்டேன். "ராத்திரி ஒன்பதுக்குச் சாப்பிட்டு மாத்திரை போட்டேன் மேடம். லோடு இறக்க மூன்றரைக்குக் கிளம்பும்போதே உதடு எரிஞ்சுது" என்றார். வேலை முடித்து எட்டு மணிக்கு வந்து இன்னொரு மாத்திரை போட்டிருக்கிறார். மத்தியானத்துக்குள் மணிக்கட்டில் கொப்புளம். ஆக, முதல் மாத்திரைக்கும் எரிச்சலுக்கும் நடுவே ஆறரை மணி நேரம்கூட இல்லை.

இதைச் சொன்னதும் சார் கேட்டார்: "வாழ்க்கையில முதல் தடவையா அந்த மருந்தைத் தொட்டவருக்கு இவ்வளவு சீக்கிரம் வருமாம்மா?" வராது. உடம்புக்கு முதலில் அந்த மருந்து பழக வேண்டும். அதற்குப் பொதுவாக ஒன்று, இரண்டு வாரம் பிடிக்கும். முன்பே பழகி, அந்தத் தோலிலேயே நினைவுச் செல்கள் தங்கிவிட்டவருக்குத்தான் சில மணி நேரத்தில் கிளம்பும். அப்படியென்றால் இவருக்கு இது முதல் தடவை இல்லை. ஆனால் நான் எழுதியிருந்ததோ "முன்பு மருந்து ஒவ்வாமை இல்லை". அவர் சொன்னதைத்தான் எழுதினேன். கேட்ட கேள்விதான் தப்பு. "அலர்ஜி ஏதாவது உண்டா" என்றால், உடம்பெல்லாம் தடித்து அரிப்பதைத்தான் பலரும் நினைக்கிறார்கள்.

பத்தாம் நாள் மறுபரிசோதனைக்கு வந்தபோது மனைவியும் வந்திருந்தார். "உதட்டுல இதே இடத்துல இதுக்கு முன்னாடி கறுப்பா ஏதாவது இருந்துச்சாக்கா?" என்று கேட்டேன். "அது சூட்டுக் கொப்புளம் பாப்பா. எட்டு மாசம் முன்னாடி வயித்தால போனப்ப வந்துச்சு. அப்புறம் கறுத்தே கெடந்துச்சு" என்றார். அப்போது போட்ட மாத்திரை? வீட்டில் மாத்திரைக்கென்று ஒரு பிஸ்கட் டின் இருக்கிறதாம். பையனுக்குப் போன் போட்டு, மிச்சமிருந்த அட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். மெட்ரோனிடசோல் 400. தனி மருந்து, கலவை இல்லை.

கேஸ் திரும்பியது இந்தப் படத்தில்தான். மெட்ரோனிடசோலும் ஆர்னிடசோலும் நைட்ரோஇமிடசோல் என்ற ஒரே குடும்பம். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்றும் இதே திட்டைக் கிளப்பிய கேஸ்கள் பதிவாகியிருக்கின்றன. ஆஃப்லாக்சசினுக்கும் மெட்ரோனிடசோலுக்கும் உறவே கிடையாது. பாரசிட்டமாலும் இதே திட்டைக் கொண்டுவரக்கூடிய மருந்துதான், எடுத்த எடுப்பில் அதை விட்டுவிட முடியாது. ஆனால் இரண்டு மாதம் முன்பு காய்ச்சலுக்கு மூன்று நாள் பாரசிட்டமால் போட்டும் உதட்டில் ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். அதனால் அதைச் சந்தேக மருந்தில் சேர்க்காமல், உடன் எடுத்த மருந்து என்று எழுதினேன். ஆஃப்லாக்சசின் முன்பு எப்போதாவது போட்டிருக்கிறாரா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதினேன்.

இப்போது நரஞ்சோவுக்குத் திரும்பினேன். சார் சொன்னது ஒன்றுதான்: மாத்திரைக்கு மதிப்பெண் போடாதே, மருந்துக்குப் போடு. ஆர்னிடசோலுக்கு ஒரு தாள், ஆஃப்லாக்சசினுக்கு ஒரு தாள்.

ஆர்னிடசோல் தாளில் என் பழைய 12 எங்கெல்லாம் கரைந்தது என்று சொல்கிறேன். மருந்தைத் திரும்பக் கொடுத்தபோது மீண்டும் வந்ததா என்ற நான்காவது கேள்விக்கு, சனிக்கிழமை காலைப் போட்ட இரண்டாவது மாத்திரையை வைத்து +2 போட்டிருந்தேன். முதல் எரிச்சலே அப்போது அடங்கவில்லை. ஆறிய பிறகு கொடுத்து மறுபடி வந்தால்தான் அது ரீசாலஞ்ச். எட்டு மாதம் முன்பு வந்ததை இதில் சேர்க்கலாமா என்றால், அது வேறு மருந்து. அதற்கென்று ஒன்பதாவது கேள்வி இருக்கிறது: இதே மருந்தோ இதைப் போன்ற மருந்தோ முன்பு இப்படிச் செய்ததா? அங்கே +1. பழைய தாளிலும் அங்கே +1 இருந்தது, வெட்கக்கேடு என்னவென்றால் அப்போது அதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. "அதே இடத்தில் வரும் நோய்தானே" என்று போட்டுவைத்தது.

ஐந்தாவது கேள்வி வேறு காரணம் இருக்கிறதா என்பது. முன்பு "இல்லை" என்று +2 போட்டிருந்தேன். உதட்டில் அதே இடத்தில் திரும்ப வருவது ஹெர்ப்பிஸும்தான். அதை மணிக்கட்டுத் திட்டைக் காட்டியும், உதட்டில் கொத்தாக நீர்க்கொப்புளங்கள் இல்லை என்பதைக் காட்டியும் டாக்டரே விலக்கியிருந்தார். ஆனால் அதே மாத்திரைக்குள் இருக்கும் ஆஃப்லாக்சசினை எப்படி விலக்குவது? அதுவும் தனியாகவே இதைச் செய்யக்கூடியது. அதனால் -1. ஒரே கேள்வியில் மூன்று மதிப்பெண் போனது.

ஆறாவதுதான் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் விழுந்த குழி. வெற்று மாத்திரை கொடுத்தபோது விளைவு வந்ததா? "இல்லை" என்றால் +1. யாருமே வெற்று மாத்திரை கொடுக்கவில்லை, ஆகவே வரவில்லை, ஆகவே +1 என்று நாங்கள் கணக்குப் போட்டோம். செய்யாத சோதனைக்கு விடை "தெரியாது", மதிப்பெண் 0. அளவு கூடியபோது விளைவு கூடியதா என்ற எட்டாவதும் இப்படித்தான். இரண்டாவது மாத்திரைக்குப் பிறகு கொப்புளம் வந்தது உண்மைதான், ஆனால் முதல் மாத்திரையோடு நிறுத்தியிருந்தாலும் அது வந்திருக்கலாம். 0.

மிச்சமானவை: முன்பே பதிவான விளைவு +1, மருந்துக்குப் பின் வந்தது +2, நிறுத்தியதும் குறைந்தது +1, டாக்டர் நேரில் பார்த்து உறுதிசெய்த குறிப்பும் போட்டோவும் இருப்பதால் பத்தாவதுக்கு +1. ஒன்பதாவதின் +1-ஐச் சேர்த்து, ஐந்தாவதின் -1-ஐக் கழித்தால் 5. "அநேகமாக" என்ற படியின் கீழ்விளிம்பு. ஆஃப்லாக்சசினுக்கு ஒன்பதாவது கேள்வியில் 0, மற்றதெல்லாம் அதேதான். 4. "சாத்தியம்". பிஸ்கட் டின்னில் இருந்த ஓர் அட்டைதான் இரண்டுக்கும் வித்தியாசம்.

பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் உப்சாலா மைய முறையில் போட்டுப் பார்த்தேன். அதில் மதிப்பெண் கிடையாது, விவரிப்பைப் படித்துப் பொருந்தும் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "அநேகமாக" என்று சொல்ல, வேறு மருந்தால் வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்று காட்ட வேண்டும். கலவை மாத்திரையில் அதைக் காட்ட முடியவில்லை. கறாராகப் படித்தால் ஆர்னிடசோலும் "சாத்தியம்"தான். ஒரு முறையில் ஒன்று, இன்னொன்றில் வேறு. எதை மாற்றி ஒப்பேற்றுவது என்று சாரிடம் கேட்டேன். "எதுக்கு மாத்தணும்? ஏன் வேறுபடுதுன்னு ரெண்டு வரி எழுது" என்றார். அந்த இரண்டு வரி எழுத ஒரு மணி நேரம் ஆனது. திட்டு இருந்த இடத்திலேயே தனித்தனி மருந்தை வைத்துப் பேட்ச் டெஸ்ட் செய்தால் பிரித்தறிய வழி உண்டு, அது செய்யப்படவில்லை என்பதையும் சேர்த்தேன்.

தீவிரம் ஹார்ட்விக் அளவுகோலில் நிலை 3. மருந்தை நிறுத்த வேண்டியிருந்தது, ஸ்டீராய்டு களிம்பும் தேவைப்பட்டது, ஆனால் அட்மிஷன் இல்லை. தவிர்த்திருக்க முடியுமா என்ற ஷூமாக்–தார்ன்டன் பட்டியலில் முன்பு இதே போல் விளைவு வந்ததா என்று ஒரு கேள்வி வருகிறது. ஆம் என்றால் "கட்டாயம் தவிர்த்திருக்கலாம்". மருந்துக்கடையில் யாரும் கேட்கவில்லை என்று எழுதக் கை துடித்தது. நானும்தான் முதல் நாள் சரியாகக் கேட்கவில்லை.

மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் இந்தியாவின் பார்மகோவிஜிலன்ஸ் திட்டப் படிவத்தில் என்னைத் தடுத்தது ஒரே ஒரு கட்டம், விளைவின் முடிவு. பத்தாம் நாள் புண் ஆறிவிட்டது, கறுப்பு அப்படியே இருந்தது. "குணமானார்" என்று டிக் செய்தால் கறுப்பை மறைத்ததாகும். மாதக்கணக்கில் மங்கக்கூடிய அதைத் தழும்பு மாதிரி நிலைத்துவிட்டது என்று அப்போதே சொல்லவும் முடியாது. "குணமாகி வருகிறார்" என்று டிக் செய்து, கறுப்பு இருப்பதை விவரிப்பில் எழுதினேன். எங்கள் மருத்துவமனையின் ஏடிஆர் கண்காணிப்பு மையம் வழியாகப் படிவம் போனது.

அசைன்மென்ட்டில் கேட்காத ஒன்றையும் செய்தேன். ஒரு தாளில் மெட்ரோனிடசோல், ஆர்னிடசோல், டினிடசோல் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதி, ஆஃப்லாக்சசினையும் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது என்று கீழே சேர்த்து, டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். அவர் சட்டைப் பையில் செருகப் போனார். மனைவி பிடுங்கி நான்காக மடித்துக்கொண்டார். "இவர் கையில இருந்தா மீன் தண்ணில ஊறிடும் பாப்பா. டின்னுல போட்டுடறேன்."