ஒரே ஒரு நோயாளியில் சரிந்த முடிவு: ஃபிராஜிலிட்டி இண்டெக்ஸ் போட்டுப் பார்த்த அனுபவம்

ஒரு புது மருந்தை எங்கள் துறையின் சிகிச்சை நெறிமுறையில் சேர்க்கலாமா என்று முடிவு செய்ய, அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட சோதனையைப் பிரித்துப் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. அந்தக் கட்டுரை எதுவென்று தெரியாமலிருக்க எண்களை இங்கே வட்டமாக்கியிருக்கிறேன். மருந்துக் குழுவில் 100 பேர், அவர்களில் 5 பேருக்குப் பக்கவாதம். கன்ட்ரோல் குழுவிலும் 100 பேர், 15 பேருக்குப் பக்கவாதம். பி மதிப்பு 0.018 என்று அச்சாகியிருந்தது. பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும்.

எத்தனை நோயாளிகளின் நிலை மாறினால் இப்படிப்பட்ட ஒரு முடிவு சரியும் என்று சொல்லும் எண்தான் ஃபிராஜிலிட்டி இண்டெக்ஸ். அதன் கணக்கு எளிதுதான். நிகழ்வு குறைவாக உள்ள குழுவில், நலமாக இருந்த ஒருவரை நிகழ்வு நேர்ந்தவராக மாற்ற வேண்டும். குழுவின் மொத்தம் மாறக் கூடாது. பி மதிப்பு வழக்கமான எல்லையான 0.05-ஐத் தொடும் வரை ஒவ்வொருவராக மாற்றிக்கொண்டே போக வேண்டும். எத்தனை பேரை மாற்றினோமோ அதுதான் இண்டெக்ஸ்.

முதல் சிக்கல் இங்கேயே வந்தது. இணையத்தில் கிடைத்த ஒரு கால்குலேட்டர் 2 என்றது. கையால் போட்டுப் பார்த்தால் 1 வந்தது. அந்தக் கால்குலேட்டரில் எந்த டெஸ்ட் ஓடுகிறது என்று எங்கேயும் எழுதவில்லை. கடைசியில் R-இல் உட்கார்ந்தேன்:

```
fisher.test(matrix(c(5,95,15,85), nrow=2))$p.value
fisher.test(matrix(c(6,94,15,85), nrow=2))$p.value
```

முதல் வரிக்கு 0.032, இரண்டாவதற்கு 0.063. ஒரே ஒரு நோயாளி இடம் மாறியதும் முடிவு சரிந்துவிட்டது. திருத்தம் சேர்க்காத கை-ஸ்கொயர் போட்டால் 5-க்கு 0.018, 6-க்கு 0.038, 7-க்கு 0.071. கட்டுரையின் 0.018-உம் கால்குலேட்டரின் 2-உம் எங்கிருந்து வந்தன என்பது அப்போதுதான் புரிந்தது. 2014-இல் வால்ஷும் சகாக்களும் இந்த இண்டெக்ஸை முன்வைத்தபோது ஃபிஷர் எக்ஸாக்ட் டெஸ்டைத்தான் பயன்படுத்தினார்கள். அதனால் யாராவது ஒரு இண்டெக்ஸைச் சொன்னால், எந்த டெஸ்டில் போட்டது என்று முதலில் கேளுங்கள்.

"ஒரே ஒருத்தரா சார்?" என்று உடன் வேலை செய்த இளம் மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஆனால் 1 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. இந்தச் சோதனையில் அந்த ஒருவர் உண்மையிலேயே மாறியிருக்க வாய்ப்பு உண்டா? அதற்குத் தொடர்பு விட்டுப்போனவர்கள் எத்தனை பேர் என்று தெரிய வேண்டும். என்னை அலைக்கழித்தது இதுதான். கட்டுரையின் உடலில் அந்த எண் இல்லை. "இணைப்பில் காண்க" என்றிருந்தது. இணைப்பின் சுட்டி திறக்கவில்லை. ஆய்வுக்குழுவுக்கு எழுதினால், எல்லாத் தகவலும் கட்டுரையிலேயே இருக்கிறது என்று பதில் வந்தது. படிக்கும்போதே எரிச்சலாக இருந்தது. கடைசியில் கைகொடுத்தது சோதனையின் பதிவேட்டுப் பக்கம். மருந்துக் குழுவில் 7 பேரும் கன்ட்ரோலில் 4 பேரும் பாதியிலேயே காணாமல் போயிருந்தார்கள் என்று அங்கே பதிவாகியிருந்தது.

அப்புறம் கட்டுரையின் முறைகள் பகுதியை மறுபடி வரிவரியாகப் படித்தேன். தகவல் இல்லாதவர்களை நிகழ்வு நேராதவர்களாகக் கணக்கில் எடுத்ததாக ஒரு வரி இருந்தது. அதாவது, நலமாக இருந்ததாகச் சொல்லப்பட்ட 95 பேரில் 7 பேர் என்ன ஆனார்கள் என்று யாருக்குமே தெரியாது. அந்த ஏழு பேரில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்திருந்து, மற்றதெல்லாம் அப்படியே இருந்தால், முடிவு நிற்காது. கன்ட்ரோலில் காணாமல் போன நால்வருக்கும் வந்திருந்தால் முடிவு மேலும் வலுக்கும் என்பதும் உண்மை. எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வழியே இல்லை.

இது அபூர்வமான நிலைமையும் அல்ல. வால்ஷ் குழு பார்த்த 399 சோதனைகளில் இண்டெக்ஸின் இடைநிலை 8. கால்வாசிச் சோதனைகளில் 3 அல்லது அதற்கும் கீழே. பாதிக்கும் சற்று அதிகமானவற்றில், தொடர்பு விட்டுப்போனவர்களின் எண்ணிக்கை இண்டெக்ஸை விடக் கூடுதல்.

கூட்டத்தில் மூத்த மருத்துவர் ஒருவர், "இண்டெக்ஸ் 1 என்றால் மருந்தே வேலை செய்யவில்லை என்று எழுதிவிடலாமே" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த எண் பி மதிப்போடு சேர்ந்தே நகர்வது, பி 0.05-க்கு ஒட்டினாற்போல் இருந்தால் இண்டெக்ஸ் சிறிதாகத்தான் இருக்கும். தேவைக்கு மேல் ஆட்களைச் சேர்க்காமல் திட்டமிட்ட நேர்மையான சோதனையிலும் அது சிறிதாக வரலாம். அது விளைவின் அளவையும் சொல்லாது. நிகழ்வு எப்போது நேர்ந்தது என்பதே முக்கியமான சோதனைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தவும் பொருந்தாது.

நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு அறிக்கையில் ஒரே வரியில் மூன்றையும் சேர்த்து எழுத வைத்தேன்: ஃபிஷர் பி 0.032, இண்டெக்ஸ் 1, மருந்துக் குழுவில் விவரம் தெரியாதவர்கள் 7. மருந்து இப்போதைக்கு நெறிமுறையில் சேரவில்லை. இன்னொரு சோதனையின் முடிவு வந்ததும் மறுபடி எடுத்துக்கொள்வதாகக் குறித்திருக்கிறோம்.