பத்து பாயிண்ட் எங்கே போனது?

"தம்பி, புத்தகத்துல பத்து பாயிண்ட். போன்லயும் அதே பத்துங்கிறீங்க. ஸ்கேல் ஒத்துக்க மாட்டேங்குதே."

அச்சு நூல் ஒன்றைத் திரையில் படிக்க வடிவமைத்து அனுப்பியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு நூலாசிரியர் இப்படிக் கேட்டபோது நான் காட்டிய கணக்கில் பிசகில்லை. எழுத்தின் அளவைச் சொல்லும்போது ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட். திரைப் பக்கங்களின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் அதே அங்குலத்துக்கு 96 பிக்சல். ஆக 10 பாயிண்ட் என்பது 13.33 பிக்சல், 3.53 மி.மீ. என் 24 அங்குல மானிட்டரில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 0.277 மி.மீ. வரும். அச்சுத் தாளைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் எழுத்து ஒரு நூல் பெரிது, அவ்வளவுதான். அதை நம்பித்தான் அனுப்பினேன்.

அவர் பார்த்ததோ போனில். ஒரு பெட்டி வரைந்து சோதித்தேன்.

```
width: 50mm;
```

ஸ்கேலை வைத்தால் 35 மி.மீ. சிஎஸ்எஸ்ஸுக்கு 50 மி.மீ. என்றால் 189 பிக்சல், அவ்வளவுதான் தெரியும். அந்தப் போனின் திரை அகலம் 67 மி.மீ.; அதில் 360 பிக்சல் அடங்குகிறது. ஒரு பிக்சல் 0.186 மி.மீ. என் 13.33 பிக்சல் அங்கே இரண்டரை மி.மீ. ஆகிவிட்டது; அச்சுக் கணக்கில் ஏழு பாயிண்ட்.

இதில் என் குற்றம் என்ன? சிஎஸ்எஸ் பிக்சலே கை நீட்டும் தூரத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவை வைத்து வகுக்கப்பட்டது. போனைக் கிட்டத்தில் பிடிப்பார்கள் என்பதால் அதில் பிக்சல் சிறுக்கிறது. ஆனால் புத்தகத்தையும் அதே கிட்டத்தில்தானே பிடிக்கிறோம்? அந்த இடத்தில் என் வாதம் நிற்கவில்லை.

ஸ்கேலுக்குச் சமமாக வேண்டுமானால் 19 பிக்சல். வைத்துப் பார்த்தேன். வரிக்கு மூன்று சொல் தேறுவதே பாடாக இருந்தது. 'சொல்லிக்கொண்டிருந்தார்கள்' கிட்டத்தட்ட ஒரு வரியையே விழுங்கியது. 17க்கு இறங்கினேன். ஸ்கேலில் அது 3.16 மி.மீ., அதாவது 9 பாயிண்ட்.

பக்கத்தைப் பார்த்ததும் ஆசிரியருக்குப் பிடித்துவிட்டது. "இது எத்தனை பாயிண்ட் தம்பி?"

"12.75 சார்" என்றேன்.

பொய்யில்லை. 17ஐ 0.75ஆல் பெருக்கினால் வருவது அதுதான். மென்பொருளும் அதையே காட்டும். ஒன்பது என்று சொல்லியிருந்தால் மறுபடி ஸ்கேலை எடுத்திருப்பார், இன்னொரு வாரம் போயிருக்கும். அதோடு அந்த ஒன்பது அவர் கையிலிருந்த போனுக்கு மட்டும்தான் ஒன்பது. என் மானிட்டரில் அதே 17 பிக்சல் 13 பாயிண்டைத் தாண்டும். எந்த எண்ணைச் சொன்னாலும் பாதி உண்மைதான். இருந்தும், அவர் கேட்டது ஸ்கேலின் பாயிண்டை என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நூலுக்கு அவர் அனுப்பிய குறிப்பில் 'பாடப்பகுதி 12.75 பாயிண்ட்' என்றிருக்கிறது. போனுக்கு என்று எங்கும் இல்லை. அச்சுக்கோப்பவருக்கும் அதே தாள்தான் போகிறது. இன்னும் ஆசிரியருக்கு நான் போன் செய்யவில்லை.