முறுக்கு வீடியோவில் தொலைந்துபோன புள்ளி

தாராவியில் அத்தை முறுக்கு சுட்டு விற்கிறார். தீபாவளி ஆர்டருக்காக, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட 15 நொடி வீடியோ ஒன்று செய்து கொடுத்தேன். லேப்டாப்பில் அழகாகத்தான் இருந்தது. அத்தை தன் பழைய போனைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னல எழுதியிருக்க? ஒண்ணும் வெளங்கல" என்றார்.

1080 பிக்சல் அகல வீடியோவில் எழுத்து அளவு 42 பிக்சல் வைத்திருந்தேன். அவர் போன் திரையின் அகலம் ஆறரை சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் எழுத்துக்குக் கிடைப்பது இரண்டரை மில்லிமீட்டர்தான். அதில் மெய்யெழுத்தின் புள்ளி எங்கே தெரியும்? 'முள்ளு முறுக்கு' என்பது 'முளளு முறுககு' ஆகிவிட்டது. ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கும் அளவு நமக்குப் போதாது என்பது அப்போதுதான் உறைத்தது.

72-க்கு ஏற்றினேன். புள்ளி வந்தது, ஆனால் மேல்வரியின் 'று' வால் கீழ்வரிப் புள்ளியில் இடித்தது. வரி இடைவெளியை ஒன்றரை மடங்காக்கியதும் விலகியது.

அடுத்த தொல்லை நிறம். மஞ்சள் எழுத்து, பின்னால் பொன்னிறமாக வேகும் முறுக்கு. சரி, எழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு போடலாம் என்று தடிமனாகப் போட்டேன். 'ண'வின் சுழிகளும் 'ணெ'யின் கொம்பும் அடைத்துக்கொண்டு, 'எண்ணெய்' கறுப்புக் கட்டியாக நின்றது. கோட்டை எடுத்துவிட்டு, வெள்ளை எழுத்துக்குப் பின்னால் 60% அடர்த்தியில் கறுப்புப் பட்டை வைத்தேன். வாணலியிலிருந்து வெள்ளையாக ஆவி எழும்பும் இடத்திலும் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச மாறுபாட்டு விகிதம் 5.7:1 வந்தது. இணைய அணுகல் விதிகள் சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5:1.

எழுத்து பெரிதானதும் வரிக்கு 14 எழுத்துதான் பிடித்தது. நான் எழுதியிருந்ததோ, 'எங்களிடம் வீட்டு முறையில் தயாரிக்கப்பட்ட முள்ளு முறுக்கு, தட்டை ஆகியவை நியாயமான விலையில் கிடைக்கும்'. 'தயாரிக்கப்பட்ட' என்ற ஒரு சொல்லே பாதி வரிக்கு மேல் தின்றது. வெட்டி வெட்டி 'வீட்டு முறுக்கு, தட்டை' என்று இரண்டு வரியில் மூன்று சொல்லாக்கினேன். எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும் என்பதற்கு அத்தையையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். அவர் இரண்டு முறை படித்து முடிக்கும் நேரம்தான் அளவு. நான்கு நொடி வந்தது.

விலை மட்டும் சிவப்பில் வேண்டும் என்று அத்தை பிடிவாதம். பெரும்பாலான வீடியோ கோப்புகளில் வெளிச்ச விவரம் முழுதாக இருக்கும். நிற விவரம் அகலத்திலும் உயரத்திலும் பாதிதான் பதிவாகும். கறுப்புக்கும் சிவப்புக்கும் வெளிச்ச வேறுபாடு குறைவு. அதனால் கறுப்பின் மேல் வைத்த சிவப்பு எழுத்து ஓரம் கலங்கிப்போகும், முதலில் கரைவது புள்ளிதான். எண்ணுக்குத்தான் புள்ளி இல்லையே! விலையை மட்டும் 140 அளவில், வெள்ளைப் பட்டை மேல் சிவப்பாகப் போட்டுக் கொடுத்தேன். அது தெளிவாகவே தெரிந்தது. "இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல" என்றார்.