எஸ்கிஷெஹிரில் ஒரு புதுவீடும் அதற்கான துருக்கிய வாழ்த்தும்

துருக்கியத் தோழி ஒருத்தி தன் கணவருடன் எஸ்கிஷெஹிர் நகரில் சொந்த வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறாள். அவளைப் பார்த்துவிட்டு நேற்றுத்தான் இஸ்தான்புல்லுக்குத் திரும்பினேன். புறப்படுவதற்கு முன் வாழ்த்துச் செய்தி அனுப்ப எண்ணிச் சுற்றுலாப் பயணிகளுக்கான சொற்றொடர்க் கையேட்டைப் புரட்டியபோது, எல்லா மகிழ்ச்சிக்கும் 'தெப்ரிக்லெர்' என்ற ஒரே சொல்லைத்தான் அது தந்தது. தேர்வில் வென்றவருக்கும் பதவி உயர்வு பெற்றவருக்கும் அது பொருந்தும். புதுவீட்டுக்கு அதை மட்டும் எழுதுவது வறட்சியாக இருக்கும். வீட்டுக்கென்று துருக்கியர் தலைமுறைகளாகச் சொல்லிவரும் வாழ்த்துகளை விட்டுவிட்டு ஒரு கையேட்டை அச்சிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆகவே அந்த வாழ்த்துகளை, கேட்ட இடங்களோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அதிவேக ரயில் பயணம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஏறக்குறைய மூன்று மணி நேரம், வசதியான இருக்கை. நிலையத்துக்கு வெளியே ஏறிய டாக்ஸிதான் எரிச்சலூட்டியது. ஓட்டுநர் மீட்டரைப் போடாமல் ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு, டிராமில் சென்றிருந்தால் ஆகியிருக்கும் செலவைப் போலப் பல மடங்கு கேட்டார். பரிசுக்கென்று ஒதுக்கியிருந்த பணத்தில் ஒரு பங்கு அங்கேயே கரைந்தது. கையில் பெட்டியும் பையுமாக நான் பணத்தை எண்ணிக் கொடுத்தபோது, எதற்காக வந்திருக்கிறேன் என்று கேட்டார். புதுவீடு என்றதும், அதுவரை கறாராகப் பேசியவர் முகம் மலர்ந்து 'ஹயிர்லி ஒல்சுன்' என்றார். 'நன்மை தருவதாக அமையட்டும்' என்பது அதன் பொருள். பிறகு பரிசு வாங்கிய கடையிலும், கண்ணாடிக் குவளைகளைத் தாளில் சுற்றிய பெண்மணி கேட்காமலேயே அதையே சொன்னார். முன்பின் அறியாதவரும் சொல்லலாம், மேலதிகாரிக்கும் சொல்லலாம். வீட்டுக்கு மட்டுமன்றிப் புதுக் காருக்கும் புதுக் கடைக்கும் புது வேலைக்கும் பொருந்தும். ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்ய வேண்டும்.

ஆனால் இதில் ஓர் இடறல் உண்டு. 'ஹயிர்லிசி ஒல்சுன்' என்று நடுவில் ஒரு சிறு ஒட்டு சேர்ந்தால் வாழ்த்து வேறாகிவிடும். 'எது நல்லதோ அது நடக்கட்டும்' என்று, முடிவு தெரியாத காரியத்துக்கோ கைகூடாமல் போன காரியத்துக்கோ ஆறுதலாகச் சொல்வது அது. வீட்டுச் சாவியைக் கையில் வாங்கிவிட்டவருக்கு அதை அனுப்பினால், வீடு நிலைக்குமா என்று ஐயப்படுவது போலத் தோன்றும். கைப்பேசி தானாகச் சொல்லை நிரப்பும்போது அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

தோழியின் வீடு நான்காவது மாடியில் இருந்தது. வாசலில் காலணியைக் கழற்றியவுடன் வீட்டுச் செருப்பு கொடுத்து, கையில் கொலோன்யா என்னும் நறுமணத் திரவம் தெளித்து, உட்கார வைத்தார்கள். அவளுடைய தாயார் பொரித்துத் தந்த சிபொரெக்கைப் பற்றி எழுதாமல் விட மனம் வரவில்லை. கிரிமியாவிலிருந்து வந்து குடியேறிய தாத்தார் மக்களின் உணவு அது. மெல்லிய மாவுக்குள் பச்சைக் கொத்துக்கறியையும் வெங்காயத்தையும் வைத்துப் பிறைவடிவில் மடித்து எண்ணெயில் பொரிக்கிறார்கள். உள்ளே தேங்கும் கறிச்சாறு வழியாமல் கையில் பிடித்துக் கடித்து, உடன் ஐரான் மோரைக் குடிக்க வேண்டும். நகரின் கடைகளில் சாப்பிட்டதும் நன்றாகவே இருந்தது. அந்த அம்மையார் கையால் உண்டது அதற்கும் பல படி மேல்.

அந்தச் சாப்பாட்டுக்கு நடுவே அண்டை வீட்டுப் பெண்மணி பலகாரத் தட்டோடு உள்ளே வந்து, 'குலே குலே ஒதுருன்' என்றார். துருக்கி சென்றவர்கள் 'குலே குலே' என்பதை, விடைபெறுபவரிடம் வீட்டில் இருப்பவர் சொல்லும் வழியனுப்புச் சொல்லாகக் கேட்டிருப்பார்கள். அதன் நேர்ப்பொருள் 'சிரித்துச் சிரித்து'. 'ஒதுருன்' என்றால் உட்காருங்கள், குடியிருங்கள். சிரித்த முகத்தோடு இந்த வீட்டில் வாழுங்கள் என்பதே வாழ்த்து. வீட்டுக்கே உரிய இந்த வாழ்த்தை, சொந்த வீட்டுக்கும் சொல்லலாம், வாடகை வீட்டுக்கும் சொல்லலாம்.

ஒருமை பன்மையில் கவனம் வேண்டும். என் தோழியிடம் நான் 'நீ' என்றுதான் பேசுகிறேன். ஒருவரை மட்டும் வாழ்த்துவதானால் 'ஒதுர்' என்பதே போதும். எனினும் வீடு கணவன் மனைவி இருவருடையது என்பதால் செய்தியில் 'ஒதுருன்' என்றே எழுத வேண்டும், வீட்டையும் 'உங்கள் வீடு' என்றே குறிக்க வேண்டும் என்று அவளுடைய தாயார் சொன்னார். ஒருமையில் எழுதினால் கணவரை விட்டுவிட்டது போல் ஆகும்.

அவரே இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார். 'ஆஇஸ் தாதிய்லா' என்பது வாயின் ருசியோடு என்று பொருள்படும். வீட்டில் சண்டையும் நோயும் துயரமும் இல்லாத அமைதியையே துருக்கியர் அப்படிச் சொல்கிறார்கள். வீடு வாங்கப் பட்ட கடன் இன்னும் பல ஆண்டுகள் இருக்கும் தம்பதிக்கு இதைவிடப் பொருத்தமான வாழ்த்து இல்லை என்று எனக்குத் தோன்றியது. இறுதியில், கண்ணேறு படாமல் இறைவன் காக்கட்டும் என்று முடிக்கலாம். மத நம்பிக்கையைப் பேச்சில் காட்ட விரும்பாத நண்பர் என்றால் இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடலாம், செய்தி குறைபடாது. முழுச் செய்தியைத் தட்டச்சு செய்யும் விதம் இது:

```
Canım, yeni eviniz hayırlı uğurlu olsun.
İçinde sağlıkla, huzurla, ağız tadıyla
güle güle oturun. Allah nazardan saklasın.
```

முதற்சொல் 'ஜானிம்', அதாவது 'என் உயிரே'. நெருங்கிய தோழிக்கு இயல்பானது. அலுவலக நண்பருக்கு அதை நீக்கிவிட்டு அவர் பெயரை எழுதி, ஆணானால் 'பெய்' என்றும் பெண்ணானால் 'ஹானிம்' என்றும் சேர்க்க வேண்டும். இரண்டாம் சொல்லிலிருந்து வரும் பொருள்: உங்கள் புதுவீடு நன்மையும் நற்பேறும் உடையதாகட்டும், உடல்நலத்தோடும் அமைதியோடும் வாய்ருசியோடும் சிரித்து வாழுங்கள்.

செய்தி அனுப்பினால் கடமை முடிந்தது என்று அவர்கள் நினைப்பதில்லை. பொருள்கள் ஒழுங்கான பிறகு நேரில் போக வேண்டும், வெறுங்கையோடு போகக் கூடாது. மரபில் உயர்ந்த பரிசு 'செய்ரெக்' எனப்படும் கால் தங்கக் காசு. 22 காரட்டில் 1.75 கிராம் எடையுள்ள அதன் விலையைக் கேட்டதும் கடையை விட்டு வெளியேறினேன். இடை சிறுத்த தேநீர்க் குவளைகள் ஆறு கொண்ட பெட்டியை வாங்கிக் கொடுத்தேன். அதில் அன்றே தேநீர் ஊற்றித் தந்தார்கள். என்னைப் போன்ற பயணிக்கு அதுவே சரியான பரிசு.

வாழ்த்துக்கு மறுமொழியும் உண்டு. சொந்த வீடு இல்லாத விருந்தினரிடம் வீட்டுக்காரர் 'தாரிசி பாஷினிஸா' என்பார், உங்களுக்கும் இது கிட்டட்டும் என்று. நான் வாடகை வீட்டில் இருப்பவள் என்று அறிந்த தோழியின் தாயார், தேநீர் ஊற்றிக்கொண்டே அதைச் சொன்னார். அதற்கு 'ஆமின்' அல்லது 'இன்ஷால்லா' என்று பதில் சொல்ல வேண்டும். நான் இரண்டையும் சேர்த்தே சொன்னேன்.