துணி செருகிய வீணை

அப்பாவின் சதாபிஷேகத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதே அக்கா மகள் ரகசியமாக வீணையைத் தொட ஆரம்பித்துவிட்டாள். திருவையாற்று வீட்டில் மதியம் எல்லாரும் சாப்பிட்டுப் படுத்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பக்கத்தில் அவற்றுக்கு அடியில் பழைய வேட்டித் துணியை மடித்துச் செருகிவிடுவாளாம். நாதம் எழாது, வெறும் 'டொக் டொக்'தான்.

விரல் ஓடப் பழகிவிட்டது. ஆனால் ஸ்வரத்தை அசைக்கும் கமகத்துக்குத் தந்தியைத் தண்டிலுள்ள மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுக்க வேண்டுமே, எவ்வளவு இழுத்தால் போதும் என்று காதுதான் சொல்லும், துணி இருந்தால் நாதம் நிலைப்பதற்குள் செத்துவிடும்! (தோடி ராகத்தைப் போய் எடுத்திருக்கிறாள், தைரியம்தான்.)

விழாவுக்கு முதல் நாள் துணியை உருவிவிட்டு மீட்டினால், காந்தார ஸ்வரம் அசைகிற அசைவில் அடுத்த ஸ்வரமான மத்தியமத்தையும் தாண்டி ஓடுகிறது. முகம் வெளுத்துவிட்டது.

கூடத்திலிருந்து அம்மாவின் குரல்.

"அவ்வளவு இழுக்காதடி. பத்து நாளா தச்சு வேலை நடக்குதேன்னு கேட்டுட்டுத்தான் படுத்திருக்கேன். இன்னைக்குத்தான் ராகம் கேக்குது. விரல்ல கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டுக்க, கதவைத் திற, நான் வரேன்."