நன்றிக் கடிதத்துக்குள் விலகல் கடிதத்தை ஒளித்து வைத்த கதை

நாகர்கோவிலில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் ஆறு மாத இன்டர்ன்ஷிப். ஆகஸ்டில் சேர்ந்தேன், ஜனவரியில் முடிய வேண்டும். பிப்ரவரியில் பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு. கருங்கலிலிருந்து திங்கள்சந்தை வழியாகப் போய்வரும் பஸ், சைட், இரவு எட்டு மணிக்கு வீடு என்று ஓடியதில் அக்டோபர் கடைசி வரை மண் இயக்கவியலில் ஒரு பாடம்கூட முழுதாக முடியவில்லை. நவம்பர் 28ஆம் தேதியோடு நின்றுகொள்ளலாம் என்று முடிவெடுத்தேன். கடைசியில் நின்றது டிசம்பர் 9. நடுவில் போன பதினொரு நாளுக்கும் காரணம் என் கடிதம்தான்.

சேரும்போது கொடுத்த ஆஃபர் லெட்டரில் ஒரு வரி இருந்தது: முன்கூட்டியே விலகினால் பதினைந்து நாள் முன்னறிவிப்பு, எழுத்து மூலம். அதைப் படித்துவிட்டுத்தான் நவம்பர் 10ஆம் தேதி மெயில் அனுப்பினேன். பதினெட்டு நாள் இருக்கிறதே என்று தைரியம். ஆனால் எனக்குப் பயிற்சி கொடுத்த சீனியர் இன்ஜினியர் சாரை நினைத்தால் குற்ற உணர்ச்சி. செப்டம்பரிலேயே தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டு அவரிடம் வாயே திறக்கவில்லை. அதனால் மெயிலின் சப்ஜெக்டில் 'ஹார்ட்ஃபெல்ட் தேங்க்ஸ்' என்று போட்டு, நான்கு பத்தி நன்றி எழுதி, ஐந்தாவது பத்தியின் கடைசி வாக்கியத்தில் 28ஆம் தேதியோடு விலக அனுமதி கேட்டிருந்தேன். சாருக்கும் அலுவலக நிர்வாகம் பார்க்கும் அக்காவுக்கும் ஒரே மெயில்.

பதில் வரவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். 24ஆம் தேதி திங்கட்கிழமை அக்காவிடம் போய், ரிலீவிங் லெட்டர் எப்போது கிடைக்கும் என்று கேட்டேன்.

"என்ன ரிலீவிங்? நீ ரிசைன் பண்ணினியா?"

"பத்தாம் தேதியே மெயில் போட்டேனே அக்கா."

"அந்தத் தேங்க்ஸ் மெயிலா? நல்லா எழுதியிருந்தியே, முதலாளிகிட்டக்கூட காட்டினேன்."

அவர் இரண்டாவது பத்தியோடு நிறுத்தியிருக்கிறார். நான் கடைசி வரியைத் திறந்து காட்டியதும் முகம் மாறியது. 'அனுமதி கேட்டு' என்றுதானே இருக்கிறது, விலகுகிறேன் என்று இல்லையே என்றார். அதில் நியாயம் இருந்ததுதான் எரிச்சல். அன்றைக்கே புதிதாக எழுதிக் கொடுக்கச் சொன்னார். அன்றிலிருந்து பதினைந்து நாள், அதாவது டிசம்பர் 9. ஸ்டைபண்டும் அதுவரைதான், சரி.

இரண்டாவது கடிதம் மொத்தம் நான்கு வாக்கியம். சப்ஜெக்டிலேயே என் பெயரும் கடைசி வேலை நாளும். தேர்வுக்குப் படிப்பதற்காக விலகுகிறேன். ஒப்பந்தத்தில் சொன்ன பதினைந்து நாள் இன்றிலிருந்து தொடங்குகிறது. கையிலுள்ள வேலைகளை இந்தத் தேதிக்குள் ஒப்படைக்கிறேன். பெற்றுக்கொண்டதாக ஒரு வரி பதில் போடுங்கள். இப்படிக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்த ஒரு வரி பதில் வராமல் நாட்களை எண்ணத் தொடங்காதீர்கள்.

அன்று மதியம் சாரிடம் போய் நின்றேன். அவர் ஸ்கேல் பென்சிலை வைத்துவிட்டு, "மெயில் வந்த அன்னைக்கே கடைசி வரிவரைக்கும் படிச்சிட்டேன் மக்ளே. ஆபீஸ்ல பாத்துக்கிடுவாங்கன்னு நெனச்சேன். எங்கிட்ட நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதலில் வாயால் அவரிடம் சொல்லிவிட்டு, அப்புறம் எழுத்தில் அனுப்பியிருந்தால் மெயில் கவனிக்கப்படாமல் கிடப்பதை அவரே பார்த்துச் சொல்லியிருப்பார். மிச்ச நாட்களில் என்னைச் சைட்டுக்கு அனுப்பவில்லை. மதியம் வரை ஒப்படைப்பு வேலை, அதற்குப் பிறகு பின் அறையில் உட்கார்ந்து படி என்று சொல்லிவிட்டார்.

ஒப்படைப்பு என்றால் என் விஷயத்தில் கம்பி அளவுப் பட்டியல்கள். மாடி பீம்கள் முடிந்திருந்தன, படிக்கட்டும் லிண்டலும் பாதி. எது முடிந்தது என்பதைவிட, எதை இன்னும் யாரும் சரிபார்க்கவில்லை என்பதைச் சிவப்பில் குறித்து வைத்தேன். அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. செப்டம்பரில் ஒரு 230 × 450 மி.மீ. பீமுக்கு, நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் கணக்குப் போட்டேன். கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டான கவரை இரண்டு பக்கமும் 25 மி.மீ. கழித்தால் ரிங் 180 × 400, சுற்றளவு 1160. 8 மி.மீ. கம்பிக்கு இரண்டு கொக்கிகளுக்கும் சேர்த்து 160 கூட்டி, வளைவுகளுக்கு 96 கழித்தால் வெட்டும் நீளம் 1224. நான் கவரை ஒரு பக்கம் மட்டும் கழித்து 1324 என்று எழுதிவிட்டேன். 420 ரிங்குக்கு 42 மீட்டர், கிட்டத்தட்ட பதினேழு கிலோ கம்பி வீணாகியிருக்கும். அதைவிட, அந்த ரிங்கை வைத்தால் பக்கத்துக்குப் பன்னிரண்டு மில்லிதான் கவர் நிற்கும். கடல் காற்றடிக்கிற ஊரில் கம்பி துருப்பிடிக்க அது போதும். முதல் ரிங்கை வளைத்துப் பார்த்த கம்பி மேஸ்திரி போன் செய்தார். சார் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "நம்ம ஷீட்ல தப்பு, நிறுத்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, என்னை மறுபடி கணக்குப் போட வைத்தார்.

இது அந்த ஐந்து பத்தி மெயிலில் இல்லை. அதில் இருந்ததெல்லாம் வழிகாட்டுதல், ஊக்கம், பொன்னான வாய்ப்பு. யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அதனால் நன்றியைத் தனியாக, ஒரு தாளில், கையால் எழுதினேன். 1324 விஷயத்தை மட்டும். அரைப் பக்கம்கூட வரவில்லை.

சான்றிதழ் வாங்கியது தனி அலைச்சல். 12ஆம் தேதி வரச் சொன்னார்கள், கொட்டுகிற மழையில் போனேன், அக்கா லீவு. 16ஆம் தேதி போனால் கையில் கொடுத்த தாளில் 'டிஸ்கன்டினியூட்' என்று இருந்தது. அவர்கள் வைத்திருக்கும் மாதிரியில் 'ஆறு மாதம் வெற்றிகரமாக முடித்தார்' என்று இருக்குமாம். எனக்கு அது பொருந்தாததால் அந்த வார்த்தையைப் போட்டிருக்கிறார்கள். முழுதாக முடித்தேன் என்று எழுதச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை, அது பொய். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணியாற்றினார், இன்னின்ன வேலை செய்தார் என்று மட்டும் இரண்டு வரி முன்பே எழுதி போனில் வைத்திருந்தேன். காட்டினேன். பத்து நிமிடத்தில் புதிய தாள் வந்துவிட்டது. சண்டை போட்டிருந்தால் இன்னொரு நாள் வரச் சொல்லியிருப்பார்கள்.

9ஆம் தேதி சாயங்காலம் ஃபைலையும் அந்தக் கைக்கடிதத்தையும் சாரிடம் கொடுத்தேன். கடிதத்தைப் படித்தார், மடித்து மேஜையிலிருந்த கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 புத்தகத்துக்குள் வைத்தார். அப்புறம் ஃபைலைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "வியாழக்கிழமை கான்கிரீட். படிக்கட்டு ஷீட் எத்தனாவது பக்கம்?"